அறுபதாவது சொல்லில் வரும் எழுவாய்

கடந்த மாதம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில், அமர்வுத் தலைவர் கட்டுரையாளரை அறிமுகம் செய்ய எழுந்தார். கையில் தாள் இல்லை, கைப்பேசி இருந்தது. முந்தைய நாள் புலனக் குழுவில் வந்த அறிமுகக் குறிப்பைத் திறந்து படிக்கத் தொடங்கினார். ஐந்தாறு வரி சென்றதும் மூச்சு வாங்க நிறுத்தினார். திரை மங்கியது. விரலால் தொட்டார், பக்கம் மேலே ஓடியது. விட்ட இடத்தைத் தேடினார். எல்லா வரிகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. கண்ணில் பட்ட கடைசி இரண்டு வரிகளைப் படித்துவிட்டு, "இப்போது கட்டுரை" என்று அமர்ந்தார்.

கட்டுரையாளர் என் ஆய்வுத் தோழி. ஓசூர் வட்டாரத்து நடுகற்களில் உள்ள பெண் உருவங்களைக் குறித்து ஆராய்பவர். அதுவரை எவரும் பதிவு செய்யாத 9 கற்களைத் தாமே ஊர் ஊராக நடந்து கண்டறிந்தவர். தலைவர் தவறவிட்ட வரிகளில் இருந்தவை அவைதாம். கட்டுரை முடிந்ததும் அவையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார்: "இந்தக் கற்களின் படங்களை எந்த நூலிலிருந்து எடுத்தீர்கள், அம்மா?"

தோழி பொறுமையாக விடை சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை, ஆகவே இப்பதிவு.

அன்று நேர்ந்ததற்கு அமர்வுத் தலைவரைக் குறை கூறுவது எளிது. முன்கூட்டியே படித்து வந்திருக்கலாம் என்பீர்கள். வந்திருக்கலாம்தான். ஆனால் அக்குறிப்பை நான் அத்திபெலேயில் பேருந்துக்குக் காத்திருந்தபோது என் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். அமர்ந்த இடத்தில், ஓய்வாக, தோழியின் ஆய்வை முன்பே அறிந்த நானே இருமுறை வழி தவறினேன். பிழை படித்தவரிடம் மட்டும் இல்லை. எழுதப்பட்ட முறையில் இருக்கிறது. அந்த முறைக்கு நம் தமிழ்த்துறைகள் 'கல்விசார் நடை' என்று பெயர் சூட்டிப் பாதுகாத்து வருகின்றன.

தோழியின் ஒப்புதலோடு அக்குறிப்பை அப்படியே தருகிறேன்:

"கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் பயின்று, இளங்கலை, முதுகலைப் பட்டங்களைத் தமிழிலக்கியத்திலும் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தைக் கல்வெட்டியலிலும் பெற்று, பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் வெற்றி பெற்று, பல்வேறு தேசிய, பன்னாட்டுக் கருத்தரங்குகளில் 14 கட்டுரைகளை வழங்கி, அவற்றுள் 6 கட்டுரைகளை ஆய்விதழ்களில் வெளியிட்டு, ஓசூர் வட்டாரத்து நடுகற்களில் காணப்படும் பெண் உருவங்களைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வினை மேற்கொண்டு, அதன் பொருட்டு 41 ஊர்களில் களப்பணி நிகழ்த்தி, இதுவரை பதிவு செய்யப்படாத 9 கற்களைக் கண்டறிந்து ஆவணப்படுத்தியுள்ள இவர், தற்போது தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றி வருகிறார்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. 68 சொற்கள், ஒரே வாக்கியம், ஒரே பத்தி. 'இவர்' என்னும் எழுவாய் அறுபதாவது சொல்லாக வருகிறது. அதற்கு முன் பிறந்து, பயின்று, பெற்று, பெற்று, வழங்கி, வெளியிட்டு, மேற்கொண்டு, நிகழ்த்தி, கண்டறிந்து என ஒன்பது வினையெச்சங்கள் வரிசையில் நிற்கின்றன. பயனிலை அறுபத்தெட்டாவது சொல்லில் முடிகிறது. அந்தப் பயனிலை சொல்வது என்ன? ஒருவர் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறார் என்பதை. ஒன்பது புதிய கற்கள் அவ்வேலைக்கு அடைமொழியாகிவிட்டன.

இதே நீளத்தில் ஓர் ஆங்கிலக் குறிப்பு இவ்வளவு துன்பம் தராது. ஆங்கிலத்தில் பெயரும் வினையும் முதலிலேயே வந்துவிடும். பிறகு எத்தனை செய்தி தொங்கினாலும் படிப்பவர் எங்கு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். தமிழில் வினை இறுதியில் வருவது. வினையெச்சம் ஒவ்வொன்றும் 'இன்னும் முடியவில்லை, வைத்திரு' என்று படிப்பவரிடம் ஒரு சுமையைக் கொடுக்கிறது. ஒன்பது சுமைகளையும் ஏந்திக்கொண்டு அவர் இறுதிவரை நடக்க வேண்டும். ஆங்கிலத் தன்குறிப்பின் ஒற்றைப் பத்தி வடிவத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவில்லை.

அச்சுத்தாளில் இச்சுமை ஓரளவு தாங்கக்கூடியது. புத்தகப் பக்கத்தின் ஒரு வரியில் ஏழெட்டுச் சொற்கள் அடங்கும். 68 சொற்கள் ஒன்பது வரிகளில் முடிந்துவிடும். கண் பின்னோக்கிச் சென்று மீளலாம். என் கைப்பேசித் திரையின் அகலமோ ஏறத்தாழ 7 செ.மீ. தமிழ் எழுத்துகள் அகலமானவை, நம் சொற்களோ வேற்றுமை உருபுகளையும் சாரியைகளையும் சுமந்து நீள்பவை. 'தமிழிலக்கியத்திலும்' என்ற ஒரு சொல்லே அரை வரிக்கு மேல் பிடிக்கிறது. ஒரு வரிக்கு மூன்று சொற்கள், சில வரிகளில் நான்கு. எண்ணிப் பார்த்தேன்: 21 வரிகள். திரை முழுவதும் நிரம்பிய ஒரு சுவர்.

அமர்வுத் தலைவரின் கைப்பேசியில் எழுத்து இன்னும் பெரிதாக வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி அணிந்த மூத்தவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே வரிக்கு இரண்டு சொற்கள். 30 வரிகளுக்கு மேல் போயிருக்கும். ஆகவே வாக்கியத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே திரையில் ஒருபோதும் சேர்ந்து தெரிந்திருக்காது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. சுவடிப்பதிப்பு படித்தவர்களுக்கு இப்பிழை பழகியதுதான். ஏடெழுதுவோர் ஒரு சொல்லை எழுதிவிட்டு மூல ஏட்டுக்குத் திரும்பும்போது, அதே சொல் மீண்டும் வரும் வேறோர் இடத்தில் கண் விழுந்துவிடும். இடைப்பட்டது விடுபட்டுப்போகும். மேற்கண்ட குறிப்பில் 'பெற்று' இருமுறை வருகிறது. 'கட்டுரைகளை' இருமுறை வருகிறது. நான் பேருந்து நிலையத்தில் வழி தவறியது இவ்விரண்டு இடங்களிலும்தான். பாடவேறுபாடுகளை வகுப்பில் நுணுக்கமாக விளக்கும் நாம், நம் அறிமுகக் குறிப்புகளிலேயே அதற்கான பொறிகளை வைத்துவிட்டுப் போகிறோம்.

இக்கருத்தைத் துறைக்குழுவில் எழுதினேன். ஒரு பேராசிரியர் தனியாக அழைத்தார். "தம்பி, மெய்க்கீர்த்தியைப் பார். அரசனின் பெருமையெல்லாம் அடுக்கி வந்து கடைசியில்தானே பெயர் வருகிறது? அது நம் மரபு. துண்டு துண்டாக எழுதினால் அது செய்தித்தாள். ஆய்வாளருக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா?"

ஐயாவின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் இவ்வொப்புமை அவர் கட்சிக்கு உதவாது. முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்ற மெய்க்கீர்த்தி, படிப்பவருக்கு அறிமுகம் இல்லாத ஒருவரை அறிமுகப்படுத்த எழுந்ததன்று. ஆள்பவன் யார் என்பது கல்லைப் பார்ப்பவருக்கு முன்பே தெரியும். பெயரைத் தள்ளிவைப்பது தெரிந்த பெயருக்குச் செய்யும் அலங்காரம். ஓர் ஆய்வு மாணவியின் பெயரும் பணியும் அவையில் எவருக்கும் தெரியாதவை. தெரியாததை அறுபது சொற்களுக்கு அப்பால் தள்ளிவைத்தால் அதன் பெயர் மறைத்தல். மேலும், மெய்க்கீர்த்தி பொறித்த கல் நகராது. திரை நகர்கிறது.

மரபு என்றே பேசுவோம். ஓலைச்சுவடியில் சொல் பிரிப்பு இல்லை, புள்ளி பெரும்பாலும் இல்லை, பத்தி இல்லை. ஓலையின் இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. எழுத்தாணி புள்ளியிட்டால் ஓலை கிழியவும் கூடும். எழுதுபொருளின் நெருக்கடி அது. அச்சு வந்ததும் நம் முன்னோர் அந்நெருக்கடியை மரபென்று கொண்டாடிக்கொண்டிருக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் பதிப்புகளிலும் உரைநடை நூல்களிலும் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கையாண்டார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, மூலம் எது, உரை எது, எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துக் காட்டும் உழைப்பு அதில் பெரும்பங்கு வகித்தது. எழுதுபொருள் மாறியபோது எழுத்தின் இடைவெளியையும் மாற்றியவர்கள் அவர்கள்.

'துண்டு துண்டாக எழுதுவது கம்பீரமன்று' என்பதற்கும் அதே ஐயரிடம் விடை இருக்கிறது. அவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் சரித்திரம்' அது. அக்காலத் தமிழறிஞருள் அவரினும் பெரிய கம்பீரத்துக்கு உரியவர் எவர்? அந்நூலைத் திறந்து பாருங்கள். சிறிய அத்தியாயங்கள், உள்ளே உட்தலைப்புகள், ஒரு செய்தி முடிந்ததும் முடியும் வாக்கியங்கள். வார இதழின் பத்திக்குள் தம் சரித்திரம் படிக்கப்படும் என்று அறிந்து எழுதியவர் அவர். நம் குறிப்பு கைப்பேசியில் படிக்கப்படும் என்று நாம் அறிந்தும், பல்கலைக்கழகத்துக்குத் தட்டச்சு செய்து கொடுத்த விண்ணப்பம்போல எழுதுகிறோம்.

சரி, எப்படி மாற்றுவது? அடுத்த ஞாயிறு தோழி ஓசூரிலிருந்து வந்தார். அத்திபெலே பேருந்து நிறுத்தத்துக்கு அருகே ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்து திருத்தினோம். கணினியில் செய்யவில்லை, என் கைப்பேசியிலேயே செய்தோம். எந்த வாக்கியம் எத்தனை வரி பிடிக்கிறது என்பது அங்குதான் தெரியும்.

முதலில் வினையெச்சங்களைப் பார்த்தோம். அவற்றை எல்லாம் வெட்டிவிட வேண்டும் என்பது என் கட்சியன்று. 'கண்டறிந்து ஆவணப்படுத்தியுள்ளார்' என்பதில் இரண்டும் ஒரே செயலின் இரு படிகள். அதே கல், அதே நாள், அதே கை. அங்கே வினையெச்சம் பொருளுக்குத் துணை நிற்கிறது. அதை உடைத்தால் இழப்பு. 'கிருஷ்ணகிரியில் பிறந்து, பள்ளியில் பயின்று, தேர்வில் வெற்றி பெற்று' என்பதில் அந்த உறவு இல்லை. பிறந்ததற்கும் தேர்வில் வென்றதற்கும் இடையே இருபது ஆண்டுக்கு மேல் இடைவெளி. காரண காரியமும் இல்லை. அவற்றை ஒட்டவைத்திருப்பது இலக்கணம் மட்டுமே. காலமும் இடமும் மாறும் இடத்தில் முற்றுப்புள்ளி என்று முடிவு செய்தோம்.

அடுத்தது வரிசை. பிறப்பில் தொடங்கி இன்றைக்கு வருவது வாழ்க்கையின் வரிசை. கேட்பவருக்குத் தேவையான வரிசை அதற்கு நேர் எதிரானது. அழைப்பிதழ்ச் செய்தி நீளமானால் புலனம் அதை நடுவில் வெட்டி, மீதியைப் படிக்க ஒரு சுட்டியைத் தந்துவிடும். அதைத் தொடுபவர் எத்தனை பேர்? எனவே வெட்டுக்கு முன்னால் இருக்க வேண்டியது ஆய்வு. ஆய்வுக்கு ஒரு பத்தி, பணிக்கும் கட்டுரைகளுக்கும் ஒரு பத்தி, கல்விக்கு ஒரு பத்தி என்று பிரித்தோம்:

"ஓசூர் வட்டாரத்து நடுகற்களில் உள்ள பெண் உருவங்களை இவர் ஆராய்கிறார். 41 ஊர்களில் களப்பணி செய்துள்ளார். இதுவரை பதிவாகாத 9 கற்களைக் கண்டறிந்து ஆவணப்படுத்தியுள்ளார்.

தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறார். கருத்தரங்குகளில் 14 கட்டுரைகள் வழங்கியுள்ளார். அவற்றுள் 6 ஆய்விதழ்களில் வெளிவந்துள்ளன.

தமிழிலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் கல்வெட்டியலில் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்றவர். தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியடைந்தவர். பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். அரசுப் பள்ளியில் பயின்றவர்."

ஐம்பது சொற்கள். மிக நீண்ட வாக்கியத்தில் எட்டுச் சொற்கள். என் திரையில் மூன்று வரி. கண் வழி தவறினாலும் திரும்பிச் சேர, பத்திகளுக்கிடையே இரண்டு வெற்று வரிகள் இருக்கின்றன. அன்று அமர்வுத் தலைவர் கையில் இது இருந்து, முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு அமர்ந்திருந்தாலும், எந்த நூலிலிருந்து எடுத்தீர்கள் என்ற கேள்வி எழுந்திராது.

கடைசி வாக்கியத்தை நான் நீக்கியிருந்தேன். ஆய்வுக்குத் தொடர்பில்லை என்பது என் வாதம். தோழி கைப்பேசியை வாங்கித் தாமே மீண்டும் தட்டினார். "அண்ணா, 'பல்வேறு தேசிய, பன்னாட்டு' என்பதை எடுத்துவிடுங்கள், இளங்கலையையும் எடுங்கள். இதை எடுக்காதீர்கள். மூன்று சொல்தானே." அவர் செய்தது சரி. 68 சொற்களின் நடுவே எவர் காதிலும் விழாமல் கிடந்த அச்செய்தி, தனி வாக்கியமானதும் கேட்கத் தொடங்கிவிட்டது.

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு குற்றச்சாட்டும் உண்டு. வாக்கியங்களைச் சிறிதாக்கினால் எல்லாம் 'உள்ளார், உள்ளார், உள்ளார்' என்று முடிந்து பறையடிப்பதுபோல் ஒலிக்கிறது என்கிறார்கள். உண்மைதான், வினைமுற்று இறுதியில் நிற்கும் மொழியில் இது நேரும். இதற்கு மருந்து நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'பெற்றவர்', 'பயின்றவர்' என்னும் வினையாலணையும் பெயர்கள் வாக்கியத்தை வேறு ஒலியில் முடிக்கின்றன. 'பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம்' என்பதில் பெயரே பயனிலை. 'வெளிவந்துள்ளன' என்பதில் எழுவாய் ஆளிலிருந்து கட்டுரைக்கு மாறுகிறது. மேலே உள்ள பத்து முடிவுகளைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். 'உள்ளார்' மூன்றுமுறைதான் வருகிறது.

மறுபுறப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பத்தி விடுபவர்கள் பெருகிவிட்டார்கள். பத்து வாக்கியம், பத்துப் பத்தி. சுவர் இடிந்து செங்கல் சிதறியதுபோல் இருக்கும். எது எதனோடு சேரும் என்று தெரியாது. வெற்று வரி என்பது 'இங்கே பொருள் மாறுகிறது' என்ற குறி. எல்லா இடத்திலும் இட்டால் அது குறியாக இராது.

பத்தி பிரித்து எழுதியும் பயனில்லாமல் போகும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பி.டி.எஃப். கோப்பிலிருந்து படியெடுத்து ஒட்டுவது. அதில் தாளின் ஒவ்வொரு வரி முடிவும் கட்டாய வரிமுறிவாக ஒட்டிக்கொண்டு வரும். கைப்பேசியில் ஒரு முழு வரி, அடுத்து ஒரே சொல் நிற்கும் குறை வரி என்று மாறி மாறித் தெரியும். அப்படிக் கண்டால் மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள், அல்லது முறிவுகளை நீக்கிவிட்டு ஒட்டுங்கள். மற்றொன்று, கல்லூரிகளின் இணையப் படிவங்கள். நாம் இடும் வெற்று வரியைப் படிவம் சேமித்துக்கொள்ளும். காட்டும்போது உலாவி அதை ஒரு சாதாரண இடைவெளியாகச் சுருக்கிவிடும். மூன்று பத்திகளும் ஒன்றாகிவிடும். தளத்தைக் கவனிப்பவரிடம் குறிப்பு வரும் பகுதிக்கு இந்த இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

```
white-space: pre-line;
text-align: left;
```

முதல் வரி நாம் விட்ட முறிவுகளைக் காப்பாற்றும். இரண்டாவது, இருபுறமும் ஓரம் சீராக்கும் பழக்கத்தை நிறுத்தும். நீண்ட தமிழ்ச்சொல் வரியில் அடங்காமல் முழுதாகக் கீழே இறங்கும்போது, மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களை இழுத்து ஓரம் சேர்த்தால் நடுவே பல் விழுந்த வாய்போல் ஓட்டை தெரியும். தாளில் அழகாக இருந்த ஒன்று மூன்று சொல் வரியில் அசிங்கமாகிவிடுகிறது. பொறுப்பாளர் செய்ய மறுத்தாலும், சிறிய வாக்கியங்களால் ஆன குறிப்பு ஒற்றைப் பத்தியாகச் சுருங்கியும் படிக்கத்தக்கதாகவே இருக்கும். வாக்கிய நீளத்தைப் பத்திக்கு முன்னால் சரிசெய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பத்தியை யாரும் அழித்துவிடலாம். முற்றுப்புள்ளியை அழிக்க முயற்சி வேண்டும்.

அம்முயற்சியும் நடந்தது என்பதுதான் வேடிக்கை. திருத்திய குறிப்பைத் தோழி வேறொரு கருத்தரங்கிற்கு அனுப்பினார். நேற்று அழைப்பிதழ் வந்தது. 'அனைத்துக் கட்டுரையாளர் குறிப்புகளும் ஒரே சீராக இருத்தல் வேண்டும்' என்னும் காரணத்தால் அமைப்புக்குழு அதை 'ஆராய்ந்து, நிகழ்த்தி, கண்டறிந்து' என்று மீண்டும் ஒரே வாக்கியமாக இணைத்திருக்கிறது. எழுவாய் இம்முறை நாற்பதாவது சொல்லுக்கு அப்பால் இருக்கிறது.

தோழி விட்டுவிடலாம் என்றார். நான் அக்குழுவுக்குக் கடிதம் எழுதி, இரு வடிவங்களையும் என் கைப்பேசித் திரையில் தெரிந்தவாறு படமெடுத்து இணைத்து அனுப்பியிருக்கிறேன். மறுமொழி வரவில்லை. கருத்தரங்கிற்கு இன்னும் 11 நாட்கள் உள்ளன. அக்குழுவில் இருப்பவர்கள் சிலர் இப்பதிவையும் படிப்பீர்கள் என்று அறிவேன். பேருந்தில் இருந்தால் இப்போதே அந்த அழைப்பிதழைத் திறந்து, அவருடைய குறிப்பை நிறுத்தாமல் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.